‘நிற்க’ என்பதற்கு முன்னால்

ஊர்ப்பக்கம் சாவுக் கடுதாசி என்று ஒன்று வரும். அஞ்சலட்டைதான். மூலையில் கறுப்பு மையைத் தடவியிருப்பார்கள். தபால்காரர் அதைக் கையில் எடுக்கும்போதே விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும். மற்ற நாட்களில் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போகிறவர், அன்று அட்டையை நீட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். வாங்கியவர் வாசலிலேயே நின்று படிப்பார். படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத் தலைமுழுகப் போவார். அந்த அட்டை வீட்டுக்குள் போகக் கூடாது. கல்யாணக் கடிதத்தின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவுகிற அதே கைகள் இதற்கு மையைத் தடவின.

மூலையில் மையைத் தடவ மறந்திருந்தாலும் படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். உச்சியில் பிள்ளையார் சுழி இருக்காது. ‘நலம், நலமறிய அவா’ இருக்காது. இன்னாருடைய தகப்பனார் இன்ன தேதி இன்ன நேரத்தில் சிவலோகப் பதவி அடைந்தார், இன்ன நாள் பதினாறாம் நாள் காரியம் என்று எடுத்த எடுப்பிலேயே செய்தி தொடங்கிவிடும்.

நலம் விசாரிக்கும் வரியை வெறும் சம்பிரதாயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கும்போதே அதை மனப்பாடமாக எழுதிப் பழகியதால் வந்த எண்ணம் அது. ஆனால் அந்த வரி இல்லாத கடிதம் என்ன செய்தது என்று பார்த்தால், இருக்கும் கடிதத்தில் அதற்கு என்ன வேலை என்பது புரியும். கடிதத்தைப் பிரிப்பவர் மனத்தில் முதலில் எழுவது பயம். யாருக்கு என்ன ஆயிற்றோ? அந்தப் பயத்துக்கு முதலில் பதில் சொல்லாவிட்டால், பருத்தி என்ன விலை போயிற்று என்பது அவர் காதில் ஏறாது.

தந்திக்கு இந்த வரியை எழுத வசதி கிடையாது. சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. யாரும் காசு கொடுத்து ‘நலம்’ என்று அடிக்க மாட்டார்கள். அதனால் தந்தி என்றாலே சாவு என்று ஆயிற்று. சிவப்பு சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள்; இங்கிலீஷ் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்துப் படிக்கச் சொன்ன பிறகுதான், மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றோ மருமகளுக்கு ஆண் குழந்தை என்றோ தெரியவரும். ‘அம்மா சீரியஸ், உடனே புறப்படு’ என்று வந்தால் அம்மா இல்லை என்று பொருள். அனுப்புகிறவருக்கும் அது தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். இந்தியாவில் 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடியபோது ஆளாளுக்கு ஏக்கத்தோடு எழுதினார்கள். எங்கள் பக்கத்துப் பாட்டிமார்கள் யாரும் அதற்காக வருந்தியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி அந்த வரியின் அமைப்பைப் பார்க்கலாம். நான் படித்த பல கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக எழுதினால் இப்படி இருக்கும். 1970களில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து, பம்பாயில் மில் வேலைக்குப் போன மகனுக்குத் தகப்பனார் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீல நிற இன்லண்ட் கடிதம்.

“சிரஞ்சீவி முருகேசனுக்கு உன் அப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இப்பவும் இவ்விடம் நான், உன் அம்மா, பாட்டி, தம்பி, தங்கச்சி யாவரும் நலம். அவ்விடம் உன் நலத்துக்கும் உன்கூட இருக்கும் மாப்பிள்ளை நலத்துக்கும் உடனே பதில் எழுதவும். நிற்க. உன் அம்மாவுக்குப் பத்து நாளாக விட்டுவிட்டுக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இப்போது தேவலை. கஞ்சி குடிக்கிறாள்.”

யாவரும் நலம் என்று எழுதிய பேனா, மூன்று வரி தாண்டியதும் பத்து நாள் காய்ச்சலைச் சொல்கிறது. இதைக் கிண்டல் செய்து ஜோக்குகள் உண்டு. ஆனால் எழுதியவரும் படித்தவரும் இதில் முரண்பாடு எதையும் பார்க்கவில்லை. ‘நிற்க’வுக்கு முன்னால் வரும் நலத்துக்கு ஒரே அர்த்தம்தான்: எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். காய்ச்சல், கடன், மழை பொய்த்தது, பங்காளியோடு வரப்புத் தகராறு எல்லாம் அதற்குப் பிறகு வரவேண்டியவை. முதல் வரியைப் படித்து மகன் மூச்சை விட்டுக்கொண்டான் என்றால், அம்மாவின் காய்ச்சலை அதற்குரிய அளவில் அவனால் எடுத்துக்கொள்ள முடியும். அதே காய்ச்சல் முதல் வரியில் இருந்திருந்தால் அன்று ராத்திரியே அவன் தாதர் ஸ்டேஷனில் நின்றிருப்பான்.

தன் நலத்தைச் சொல்லிவிட்டு அடுத்தவர் நலத்தைக் கேட்கும் வரிசையையும் கவனிக்க வேண்டும். நேரில் பார்க்கும்போது நாம் அப்படிப் பேசுவதில்லை. ‘நல்லா இருக்கீங்களா மாமா, அத்தை எப்படி இருக்காங்க’ என்று கேட்டுவிட்டுத்தான், அவர் திருப்பிக் கேட்டால், நம்மைப் பற்றிச் சொல்கிறோம். கடிதத்தில் அது தலைகீழாகிவிடுகிறது. எதிரில் ஆள் இருந்தால் அவர் உயிரோடு இருப்பதை முகமே சொல்லிவிடும். காகிதத்துக்கு முகம் இல்லை. எனவே எழுதுகிறவர் தன் கடமையை முதலில் செய்துவிட்டு, பிறகு கேட்கிறார். மேலே உள்ள தகப்பனார் கேட்பதைப் பாருங்கள். எப்படி இருக்கிறாய் என்று அவர் கேட்கவே இல்லை. பதில் எழுது என்கிறார். ‘அவ்விடம் க்ஷேமத்துக்கு அடிக்கடி எழுதிவரவும்’ என்று இன்னும் பழைய கடிதங்களில் இருக்கும். கடிதத்தில் நலம் விசாரிப்பது ஒரு கேள்வியாக இருப்பதை விட, அடுத்த கடிதத்துக்கான உத்தரவாகத்தான் பெரும்பாலும் இருந்தது.

அந்தப் பெயர் வரிசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. தூரதேசத்தில் இருப்பவன் அதை எண்ணிப் படிப்பான். ‘நான், உன் அம்மா, பாட்டி, தம்பி, தங்கச்சி’ என்று போன மாதம் வந்தது. இந்த மாதம் ‘நான், உன் அம்மா, தம்பி, தங்கச்சி யாவரும் நலம்’ என்று வந்தால்? பரீட்சை நேரம், லீவு கிடைக்காது, வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும், இப்போது சொல்ல வேண்டாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்திருப்பார்கள். மறைப்பதற்கு மனம் ஒப்புகிறது. ஆனால் செத்தவளை நலம் என்று எழுத எந்தத் தகப்பனுக்கும் கை வராது. ஆகவே பெயர் விட்டுப்போகிறது. கடிதத்தின் மற்ற எல்லா வரிகளும் வழக்கம்போல இருந்தாலும் அந்த ஒரு இடைவெளி போதும். ‘பாட்டியைப் பற்றி எழுதவில்லையே’ என்று மகனும் பதிலில் கேட்க மாட்டான். பல பேர் தங்கள் பாட்டியின் சாவை இப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

நலத்திலேயே தரங்களும் இருந்தன. ‘யாவரும் நலம்’ என்பது முழு நலம். ‘ஒருவாறு நலம்’ என்றால் பணமுடை. ‘ஆண்டவன் புண்ணியத்தில் இருக்கிறோம்’ என்று வந்தால் விளைச்சல் போயிற்று, அல்லது வீட்டில் சண்டை. இந்தத் தரங்களை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. ஒரே கையெழுத்தை வருஷக்கணக்காகப் படித்துப் படித்து வந்த பழக்கம்.

மறுபுறம், கடிதம் பெறும் வீட்டில் நடப்பதையும் யோசிக்க வேண்டும். தபால்காரரோ எட்டாவது படிக்கும் பையனோ உரக்கப் படிப்பான். சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் ‘அவ்விடம் மாமா, அத்தை, சின்னத்தாய் அக்கா, பக்கத்து வீட்டுப் பெரியம்மா யாவரையும் கேட்டதாகச் சொல்லவும்’ என்று வருவது கடிதத்துக்குள் நடக்கும் ஆஜர்ப் பட்டியல். தன் பெயர் படிக்கப்படும்போது பெரியம்மா முகம் மலரும். படிக்கப்படாவிட்டால் அந்தக் கோபம் அடுத்த தீபாவளி வரை தீராது. செவலைப் பசுவைக்கூட விசாரித்து எழுதிவிட்டுத் தன்னை விட்டுவிட்டான் என்று சொல்லிக் காட்டுவார்கள். இந்தப் பட்டியல் நீண்டு நீண்டு இன்லண்டின் பாதியைத் தின்றுவிடும். கடைசியில் சொல்லவேண்டிய விஷயம் ஓரத்தில், பசை தடவிய மடிப்பில் நுணுக்கி நுணுக்கி எழுதப்பட்டிருக்கும். அவசரமாகப் பிரித்தால் அந்த எழுத்துதான் முதலில் கிழியும். எத்தனையோ வீடுகளில் ‘எப்போது வருகிறேன்’ என்ற தேதி இப்படிக் கிழிந்து போயிருக்கிறது.

பெண்கள் எழுதிய கடிதங்கள் தனி. கணவன் பெயரைச் சொல்லக் கூடாது, எழுதவும் கூடாது என்றிருந்த காலத்தில், மேலே விலாசம் எழுதுவதற்கே அண்ணனையோ பக்கத்து வீட்டுப் பையனையோ கூப்பிட வேண்டும். உள்ளே எழுதியதை மாமியார் படித்துக் காட்டச் சொல்லலாம். அங்கே கணவனோடு அறையில் தங்கியிருக்கும் நாலு பேர் பார்க்கலாம். அவள் எழுதக் கூடியது நல விசாரிப்பு ஒன்றுதான். ‘தங்கள் தேக சௌக்கியத்துக்கு எழுதவும். வேளாவேளைக்குச் சாப்பிடவும். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும். குழந்தை அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறான்.’ குழந்தைக்கு அப்போது ஆறு மாதம் ஆகியிருக்கும், பேச்சு வந்திருக்காது. ஆசை, கோபம், தனிமை எல்லாவற்றையும் எண்ணெய்க் குளியலுக்குள் போட்டு எழுத வேண்டியிருந்தவர்களுக்கு, நலம் விசாரிக்கும் பகுதிதான் முழுக்கடிதம். அதற்குப் பிறகு ‘நிற்க’ போட்டு எழுதுவதற்கு அவர்களிடம் செய்தி எதுவும் விடப்படவில்லை.

எல்லோரும் ஒரே வார்த்தையை எழுதினால் அதில் உண்மை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. சிலப்பதிகாரத்தில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. மதுரைக்குப் போகும் வழியில் கோவலனைத் தேடி வரும் கோசிகமாணி, மாதவி கொடுத்தனுப்பிய ஓலையைக் கொடுக்கிறான். காலில் விழுகிறேன் என்று தொடங்கி, என் தெளிவற்ற சொற்களைப் பொறுத்தருள வேண்டும், பெற்றோருக்குப் பணிவிடை செய்வதையும் விட்டு மனைவியோடு இரவில் ஊரை நீங்கும்படி நான் செய்த பிழை என்னவென்று தெரியாமல் கலங்கும் என் மனத்தின் துயரைப் போக்க வேண்டும் என்று முடிகிற சிறிய ஓலை. கோவலன் அதைப் படித்து அவள் மேல் பிழையில்லை என்று உணர்கிறான். பிறகு ஒரு விசித்திரமான காரியம் செய்கிறான். இதே ஓலை என் பெற்றோருக்கு நான் எழுதியதாகவும் பொருந்துகிறது, இதையே அவர்களிடம் கொண்டு கொடு என்று திருப்பி அனுப்பிவிடுகிறான். காதலி எழுதியது மகன் எழுதியதாகிவிட்டது, ஒரு எழுத்தும் மாறாமல். காலில் விழுவதும் பிழை பொறுக்க வேண்டுவதும் யாருக்கும் சொந்தமில்லாத சொற்கள். சொந்தமில்லாததால்தான் அவை அந்த நேரத்தில் கோவலனுக்கு உதவின. சொந்தமாக எழுத உட்கார்ந்திருந்தால் அவனால் ஒரு வரி எழுதியிருக்க முடியாது. தபாலாபீஸ் வாசலில் காசு வாங்கிக்கொண்டு பிறருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்களும் இதே சொற்களை வைத்துத்தான் பிழைத்தார்கள். முன்பின் தெரியாத கிழவிக்காக அவள் மகனுக்கு எழுதும்போது முதல் நாலு வரிக்கு அவர்கள் அவளைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

திருமுறைகளில் பதினோராவதில் இன்னொரு கடிதம் இருக்கிறது. ஆலவாய் இறைவனே பாணபத்திரனுக்காகச் சேரமான் பெருமாளுக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் திருமுகப் பாசுரம். அனுப்புபவர் இன்னார், பெறுபவர் இன்னார், வருகிறவனுக்குப் பொருள் கொடுத்து அனுப்பு. அவ்வளவுதான், நலம் விசாரிப்பே இல்லை. எழுதியவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பதால் கேட்கவில்லை போலும்.

மதத்துக்கும் ஊருக்கும் ஏற்ப உடை மாறியது, உடம்பு மாறவில்லை. தனித்தமிழ் இயக்கம் வந்த பிறகு க்ஷேமம் நலமாயிற்று, ஸ்ரீ திருவாயிற்று. முஸ்லிம் வீடுகளில் உச்சியில் 786 போட்டு, ஸலாம் சொல்லி, அல்லாஹ்வின் கிருபையால் நலம், தங்கள் நலத்துக்கு துஆ செய்கிறோம் என்றார்கள். கிறிஸ்தவர்கள் கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு எழுதினார்கள். யாழ்ப்பாணத்தில், நாங்கள் சுகம், அதுபோல உங்கள் சுகத்துக்கும் இறைவனை வேண்டுகிறோம் என்பது வழக்கம். அரசியல்வாதிகள் பத்திரிகையில் தம்பிக்கும் உடன்பிறப்புக்கும் எழுதிய கடிதங்கள் வேறு ரகம். லட்சம் பேரிடம் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்க முடியாது.

இந்த வரியின் பெரிய குறை அதன் தேதி. ‘நலம்’ என்பது எழுதிய நாளின் நலம். ஊருக்கும் பம்பாய்க்கும் இடையே நாலைந்து நாள். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பல் போன காலத்தில் வாரக்கணக்கு. தந்தி வேகமாகப் போகும், கடிதம் மெதுவாகப் போகும் என்பதால், சாவுச் செய்தி வந்து இரண்டு நாள் கழித்து, செத்தவரே தன் கைப்பட எழுதிய ‘இவ்விடம் நலம்’ வந்து சேர்வதும் உண்டு. அதைச் சிலர் கிழிக்கவில்லை. சாவுக் கடுதாசிக்குத்தான் கிழிக்கும் விதி. இதற்கு விதி கிடையாது.

இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது, யாரும் கடிதமாகக் கருதாத ஒன்று: மணியார்டர். பணம் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தோடு ரசீதுத் துண்டு அனுப்பியவருக்கே திரும்பி வரும். எழுதத் தெரியாத தாய் என்றால் கைநாட்டு. தபால்காரர் மையில் தோய்த்து அழுத்திய கட்டைவிரல் ரேகை, ஊரில் அம்மா இந்தத் தேதியில் இருந்தாள், பணத்தை வாங்க நடந்து வாசலுக்கு வந்தாள் என்று சொல்லும். ‘நலம்’ என்று இன்னொருவர் எழுதியதை விட அந்த ரேகையை நம்பியவர்கள் அதிகம். மாதாமாதம் ஐம்பது ரூபாய் அனுப்பியது அம்மாவின் செலவுக்கு மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

செஞ்சிலுவைச் சங்கம் போர்க்காலங்களில் பிரிந்த குடும்பங்களுக்கிடையே கடிதம் கொண்டு சேர்ப்பதைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிறு அதிர்ச்சி. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 1989 முதல் இலங்கையில் பணியாற்றியது. தபால் போகாத இடங்களுக்கும் தடுப்புக்காவலில் இருந்தவர்களுக்கும் அதன் செய்திப் படிவங்கள் போயின. அந்தப் படிவத்தை ஒட்டக் கூடாது, திறந்தேதான் போகும், அதிகாரிகள் படிப்பார்கள். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம். சண்டை, ராணுவம், அரசியல் கூடாது. அதாவது ‘நிற்க’வுக்குப் பிறகு வருவதில் பெரும்பாதியை வெட்டிவிட்டார்கள். அதையும் சுருக்கி, உலகெங்கும் பேரிடர் நேரங்களில் பயன்படுத்த இரண்டு வகைச் சிறு செய்திகள் அவர்களிடம் உண்டு. ஒன்றில் நான் பத்திரமாக இருக்கிறேன் என்று இருக்கும். மற்றதில் உங்களைப் பற்றி அறியக் கவலையோடு காத்திருக்கிறேன் என்று இருக்கும். ஜெனீவாவில் உட்கார்ந்து யோசித்தவர்கள் வந்து சேர்ந்த இடம் நம் தாத்தாக்களின் முதல் வரி. அதை மட்டும் இரண்டு துண்டாக்கியிருக்கிறார்கள்.

பெரிய படிவத்தில் பிறப்பு, கல்யாணம், பரீட்சையில் தேறியது எல்லாம் எழுதலாம். செத்தவர் பெயரையும் எழுதலாம், அதற்குத் தடையில்லை. அதுவும் குடும்பச் செய்திதான். எப்படிச் செத்தார் என்பதைத்தான் எழுத முடியாது.